சந்தா கட்டியாச்சு, ஆப்பில் ஏறியாச்சா?

"உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். இந்த மாதக் கூட்டம் ஆன்லைனில் நடைபெறும். லிங்க் பிறகு அனுப்பப்படும். அனைவரும் சந்தாவைச் செலுத்தி ஆப்பில் பதிவு செய்யவும். இப்படிக்கு ஊக்குநர்."

எனக்குத் தெரிந்த ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்த அறிவிப்பு இது. 14 பேர் கொண்ட குழு. அறிவிப்பு வந்ததும் எல்லாரும் கும்பிடு படம் போட்டார்கள். கூட்டம் நடந்த இரவு எட்டுப் பேர்தான் திரையில் தெரிந்தார்கள். மறுநாள் காலையிலிருந்து ஊக்குநருக்கு போன் மேல் போன். "எந்த ஆப்புக்கா? என் போன்ல அப்படி எதுவும் இல்லையே" என்றார் ஒருவர். "ஜிபேல அனுப்பிட்டேனே, அதானே ஆப்பு?" என்றார் இன்னொருவர். வயதில் மூத்த ஒரு பெரியம்மா, "எம்பணம் உள்ள போயிடுச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு தாயி" என்று கேட்டார்.

மூவர் கேட்டதும் நியாயமான கேள்வி. அறிவிப்பில் இருந்த "ஆப்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று தனித்தனி வேலைகள் புகுந்துகொண்டன. முகம் பார்த்துப் பேசுவதற்கு ஒரு ஆப். பணம் அனுப்புவதற்கு வேறொரு ஆப். குழுவின் கணக்கை எழுதி வைப்பதற்கு இன்னொன்று. பணம் அனுப்பும் ஆப்பில் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நிஜமாகவே போகிறது. கணக்கு எழுதும் ஆப்பிலோ ஒரு பைசாகூட நகராது. யார் எவ்வளவு கட்டினார், யார் கடன் எவ்வளவு மிச்சம் என்று எழுதிவைக்கும் நோட்டு அது, அவ்வளவுதான். நோட்டில் எழுதாவிட்டாலும் பணம் வங்கியில் பத்திரமாக இருக்கலாம். நோட்டில் எழுதியிருந்தும் பணம் வங்கிக்குப் போகாமலே இருந்திருக்கவும் கூடும்.

இன்னொன்றும் உண்டு. கணக்கு ஆப்பை உறுப்பினர்கள் எல்லாரும் திறந்து எழுதப்போவதில்லை. ஊரக வாழ்வாதார இயக்கக் குழுக்களுக்காக மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் கொண்டுவந்த லோக் ஓ.எஸ். ஆப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்து கணக்கை ஏற்றும் உரிமை அதற்கென ஒப்படைக்கப்பட்டவருக்குத்தான். ஆக, "அனைவரும் ஆப்பில் பதிவு செய்யவும்" என்ற வரி, உறுப்பினர்களால் செய்யவே முடியாத ஒன்றை அவர்களிடம் கேட்கிறது. அவர்கள் செய்ய வேண்டியது இரண்டு: பணத்தை அனுப்புவது, தன் பெயருக்கு நேரே சரியான தொகை ஏறியதா என்று பார்ப்பது. முதலாவது எல்லாருக்கும் தெரியும். இரண்டாவதைத்தான் அறிவிப்பு சொல்லாமல் விட்டது.

நானும் சில வருடம் ஒரு குழுவுக்குக் கணக்கு எழுதியவள். அப்போது கூட்டம் என்றால் ஒருவர் வீட்டுத் திண்ணை, ஒரு கோரைப்பாய், ஒரு தகரப் பெட்டி. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அவரவர் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தைப் பாயில் வைப்பார்கள். நான் சத்தமாக எண்ணுவேன். "இருநூறு, சரிதானே?" "சரிக்கா." அதன் பிறகுதான் பேனா நோட்டில் இறங்கும். எழுதப்படிக்கத் தெரியாத உறுப்பினர்கூட அந்த இடத்தில் சாட்சியாக இருந்தார். யார் கட்டினார், யார் கட்டவில்லை, யார் போன மாதப் பாக்கியையும் சேர்த்துக் கட்டினார் என்பதை 14 பேரும் கண்ணால் பார்த்தார்கள். கூட்டம் முடிந்து பெட்டியைப் பூட்டும்போது கையிருப்பு எவ்வளவு என்று கேட்டால் பாதிப் பேராவது சரியாகச் சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் இந்த முறை தொடங்கியது 1989-இல், தர்மபுரி மாவட்டத்தில். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அங்கே குழுக்களை அமைத்தது. 1992-இல் நபார்டு வங்கி நாடு முழுக்க 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியபோது, நிலமோ நகையோ இல்லாத பெண்களுக்கு எதை நம்பிக் கடன் கொடுப்பது என்ற கேள்வி வந்தது. குழுவின் சேமிப்பும் அதை எழுதிவைத்த நோட்டும்தான் பதிலாக இருந்தன. சேமித்த தொகையின் ஒரு மடங்கு முதல் நான்கு மடங்கு வரை கடன் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. இன்றைக்கும் குழுக்கடன் 20 லட்சம் ரூபாய் வரை வங்கி எந்த அடமானமும் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அடமானம் இல்லாத இடத்தில் வங்கி பார்ப்பது ஐந்து விஷயங்களை: கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, சேமிப்பு ஒழுங்காக வருகிறதா, உள்கடன் கொடுக்கப்படுகிறதா, அது திரும்பி வருகிறதா, இவற்றுக்கெல்லாம் கணக்கு இருக்கிறதா. குழுக்களில் இதைப் பஞ்ச சூத்திரம் என்பார்கள்.

கூட்டம் போனுக்கு மாறும்போது பாயும் பெட்டியும் போய்விடுகின்றன. மகள் வீட்டுக்குப் போனவர், வேலைக்கு வெளியூர் போனவர், ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவர் எல்லாரும் சேர முடிகிறது என்பது உண்மை. ஆனால் கூடவே அந்த 14 சாட்சிகளும் போய்விடுகிறார்கள். பணம் ஊக்குநரின் போனுக்கு வருகிறது, ஊக்குநரே ஆப்பில் ஏற்றுகிறார், ஊக்குநரே "எல்லாம் சரி" என்கிறார். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இது அவருக்கும் நல்லதல்ல, குழுவுக்கும் நல்லதல்ல. இழந்த சாட்சியைத் திரும்பக் கொண்டுவருவதுதான் அந்த அறிவிப்பின் வேலையாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் பணம் எங்கே போக வேண்டும் என்பதைப் பார்ப்போம். குழுவுக்கென்று வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கு இருக்கும். அதிலிருந்து பணம் எடுக்க ஊக்குநர், பிரதிநிதிகள் ஆகியோரில் இருவராவது சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மட்டும் எடுத்துவிடக் கூடாது என்பதற்கான பூட்டு அது. கூட்டுக் கையெழுத்துக் கணக்கு என்பதால் அதற்கு ஜிபே, போன்பே எண் பொதுவாக இருக்காது. அதனால்தான் பலரும் "அக்கா நம்பருக்கே போட்டுடறேன்" என்று ஊக்குநரின் சொந்த எண்ணுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த நொடியிலேயே இரட்டைப் பூட்டு கழன்றுவிடுகிறது. குழுவின் பணம் ஊக்குநரின் வீட்டுச் செலவுக் கணக்கோடு கலந்துவிடுகிறது. அதே கணக்கில் மின்கட்டணம் கழியும், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் போகும். மாதக் கடைசியில் எது யார் பணம் என்று பிரிப்பது பெரும்பாடு.

இதற்கு வழி இருக்கிறது. அதே ஜிபேயிலும் போன்பேயிலும் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பும் வசதி உண்டு. குழுவின் கணக்கு எண்ணையும் வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் ஒருமுறை போட்டு வைத்துக்கொண்டால் போதும், அடுத்த மாதம் முதல் பெயரைத் தொட்டாலே வந்துவிடும். முதல்முறை அனுப்பும்போது 1 ரூபாய் அனுப்பிப் பார்த்து, பாஸ்புக்கில் வந்ததா என்று ஊக்குநரிடம் கேட்டுக்கொண்டு பிறகு மீதியை அனுப்புவது பாதுகாப்பு. அனுப்பி முடித்ததும் திரையில் 12 இலக்க ரெஃபரன்ஸ் எண் ஒன்று வரும். அந்தத் திரையைப் படம் பிடித்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட வேண்டும். "பென்டிங்" என்று காட்டினால் பணம் இன்னும் போய்ச் சேரவில்லை. அவசரப்பட்டு இரண்டாவது முறை அனுப்பாமல் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

ரொக்கமாகத்தான் தர முடியும் என்பவர்கள் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கூலி கையில் ரொக்கமாக வரும்போது சந்தாவும் ரொக்கமாகத்தான் போகும். அவர்கள் கூட்டத்துக்கு முன்பே ஊக்குநரிடமோ பிரதிநிதியிடமோ கொடுத்து, தன் பாஸ்புக்கில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனி ஆப்பில் கணக்கு ஏறுவதைப் பார்ப்போம். தவறுகள் நிஜமாக நடக்கும் இடம் இதுதான். அந்த 14 பேர் குழுவையே உதாரணமாக வைத்துக்கொள்வோம், எண்கள் மட்டும் நான் விளக்கத்துக்காக அமைத்தவை.

மாதச் சந்தா ஆளுக்கு 200 ரூபாய். போன மாதக் கடைசியில் வங்கியில் 18,450 ரூபாய், பெட்டியில் 350 ரூபாய், ஆகத் தொடக்க இருப்பு 18,800. இந்த மாதம் எட்டுப் பேர் குழுவின் கணக்குக்கு நேராக அனுப்பினார்கள். அதில் ஏழு பேர் சந்தா மட்டும், ஆளுக்கு 200. எட்டாமவர் கடன் வாங்கியவர், சந்தாவும் தவணையும் சேர்த்து ஒரே தடவையில் 1,270 அனுப்பினார். ரொக்கமாகக் கொடுத்தவர்கள் நான்கு பேர். மூவர் 200 வீதம், ஒருவர் போன மாதப் பாக்கியையும் சேர்த்து 400. மற்றொருவர் பழக்க தோஷத்தில் ஊக்குநரின் சொந்த எண்ணுக்கு 200 அனுப்பிவிட்டார். மீதி ஒருவர் இந்த மாதம் கட்டவில்லை.

இப்போது சந்தா எவ்வளவு வந்தது என்று கூட்டிப் பாருங்கள். கட்டியவர்கள் 13 பேர், அவர்களில் ஒருவர் இரண்டு மாதத்துக்குக் கட்டியிருக்கிறார். ஆக 2,800 ரூபாய். 14 பேரும் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் இதே 2,800தான் வந்திருக்கும்! நான் கணக்கு எழுதிய காலத்தில் என்னை மாட்டிவிட்ட தவறு இதுதான். மொத்தம் சரியாக இருக்கிறதே என்று வரிசையாக எல்லார் பெயருக்கு நேரேயும் 200, 200 என்று போட்டுக்கொண்டே போய்விட்டேன். வங்கி இருப்போடு ஒத்துப்போனது, பெட்டியோடும் ஒத்துப்போனது. எந்தப் பக்கம் கூட்டினாலும் பிழை தெரியவில்லை. மாதங்கள் கழித்து ஓர் அக்கா தன் பாஸ்புக்கோடு வந்து, "நான் பாக்கியைக் கட்டினேனே, இன்னும் எம்பேர்ல ஏன் நிக்குது?" என்று கேட்டபோது எனக்கு முகம் வாடிவிட்டது. பணம் கட்டியவர் பெயரில் பாக்கி, கட்டாதவர் பெயரில் சந்தா. ஒருவர் குழுவை விட்டு விலகிச் சேமிப்பைத் திருப்பிக் கேட்கும் நாளில், அல்லது யார் ஒழுங்காகக் கட்டினார் என்று பார்த்து உள்கடன் கொடுக்கும் நாளில், இந்த 200 ரூபாய் பெரிய மனக்கசப்பாக வந்து நிற்கும்.

கைநோட்டில் நடந்த தவறு ஆப்பில் இன்னும் எளிதாக நடக்கும், ஏனென்றால் விரல் வேகமாகப் போகும். மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஒருநாளும் பிடிபடாது. ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்து, அந்தப் பெயருக்குரியவர் "ஆமாம்" என்று சொன்ன பிறகே அடுத்த வரிக்குப் போனால்தான் பிடிபடும். ஆன்லைன் கூட்டத்தில் சந்தா வாசிப்பை நேரம் மிச்சம் பிடிக்க விட்டுவிடக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது அந்த 1,270. இது வங்கியில் ஒரே வரியாகத்தான் வரும். ஆப்பில் அது மூன்று கட்டங்களில் பிரிந்து ஏற வேண்டும். அந்த உறுப்பினர் 10,000 ரூபாய் உள்கடன் வாங்கியவர், நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி, மாதம் 1,000 அசல், நிலுவைக்கு மட்டும் வட்டி. மூன்று தவணை முடிந்துவிட்டதால் நிலுவை 7,000. அதற்கு இந்த மாத வட்டி 70. ஆகச் சந்தா 200, அசல் 1,000, வட்டி 70. ஊக்குநர் அவசரத்தில் சந்தா 200 போக மீதி 1,070-ஐ அப்படியே அசலில் போட்டுவிட்டால் என்ன ஆகும்? நிலுவை 6,000 என்று இருக்க வேண்டியது 5,930 ஆகிவிடும். அடுத்த மாத வட்டி 60 ரூபாய்க்குப் பதில் 59 ரூபாய் 30 பைசா என்று வரும். குழுவுக்கு வர வேண்டிய வட்டி வருமானத்தில் 70 ரூபாய் காணாமல் போகும். இங்கேயும் வங்கி இருப்பு ஒத்துப்போகும் என்பதால் சந்தேகமே வராது. 10 மாதத்தில் இந்த ஒரு கடனில் மட்டும் குழுவுக்குச் சேர வேண்டிய வட்டி 550 ரூபாய்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. தவணை முழு ஆயிரமாக இருந்தால் நிலுவையும் எப்போதும் முழு ஆயிரமாகவே இறங்க வேண்டும். 7,000, 6,000, 5,000 என்று. 5,930 என்று வால் முளைத்திருந்தால் எங்கோ வட்டி அசலில் போய் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். கடன் வாங்கிய உறுப்பினர்கள் பணம் அனுப்பும்போதே, "சந்தா 200, அசல் 1,000, வட்டி 70" என்று வாட்ஸ்அப்பில் பிரித்து எழுதிவிட்டால் இந்தத் தவறு ஆரம்பத்திலேயே நின்றுவிடும்.

எல்லாம் ஏறிய பிறகு, கூட்டத்தை ஆப்பில் மூடுவதற்கு முன்னால், கடைசியாக ஒரு கூட்டல். தொடக்க இருப்பு 18,800. வரவு: சந்தா 2,800, அசல் 1,000, வட்டி 70, ஆக 3,870. இந்த மாதம் செலவோ புதுக் கடனோ இல்லை. எனவே இறுதி இருப்பு 22,670 இருக்க வேண்டும். ஆப் காட்டும் தொகை இதுதான். இப்போது நிஜப் பணம் எங்கே என்று பார்க்க வேண்டும். நேராக வந்த 2,670-ஐச் சேர்த்து வங்கியில் 21,120. பெட்டியில் பழைய 350, ரொக்கமாக வந்த 1,000, சொந்த எண்ணுக்கு வந்ததற்கு ஈடாக ஊக்குநர் தன் கையிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட்ட 200, ஆக 1,550. இரண்டும் சேர்ந்து 22,670. பொருந்திவிட்டது. அந்த 200-ஐப் பெட்டியில் போட மறந்திருந்தால் சரியாக 200 ரூபாய் குறைந்திருக்கும், எங்கே தேட வேண்டும் என்பதும் உடனே தெரிந்திருக்கும்.

இந்தக் கூட்டலை ஊக்குநர் தன் வீட்டில் தனியாகப் போடக் கூடாது. பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தையோ வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியையோ எல்லாரும் பார்க்கும்படி காட்டி, பெட்டியில் உள்ள பணத்தைக் கேமரா முன்னால் எண்ண வேண்டும். பாயில் எண்ணியதற்கு இதுதான் இணை. பல ஆப்களில் கூட்டத்தை மூடிவிட்ட பிறகு பழைய தொகையைத் திருத்துவது அவ்வளவு எளிதல்ல. எனவே திரையில் எல்லாரும் இருக்கும்போதே திருத்திவிடுவது நல்லது. பிறகு தெரியவந்தால், என்ன தவறு, எந்தத் தேதியில் திருத்தினோம் என்பதைத் தீர்மான நோட்டில் எழுதி வைக்க வேண்டும். சத்தமில்லாமல் அடுத்த மாதத்தில் கூட்டிக் கழித்துச் சரிக்கட்டுவது வேண்டாம்.

சிக்னல் இல்லாத ஊரில் ஆப் வேலை செய்யுமா என்று பலர் கேட்கிறார்கள். லோக் ஓ.எஸ். போன்றவற்றில் இணையம் இல்லாமலே ஏற்றி வைத்து, பிறகு சிக்னல் கிடைக்கும் இடத்தில் சிங்க் செய்யலாம். சிங்க் ஆகும்வரை அந்தக் கணக்கு அந்த ஒரு போனில் மட்டும்தான் இருக்கிறது. போன் உடைந்தாலோ தொலைந்தாலோ அதுவும் போகும். அதனால் சிங்க் முடிந்ததைத் தனியாகச் சொல்லும் வழக்கம் வேண்டும். நபார்டு 2015-இல் ஜார்க்கண்டின் ராம்கர், மகாராஷ்டிராவின் துலே ஆகிய இரு மாவட்டங்களில் தொடங்கிய இ-சக்தி திட்டத்தில், கணக்கு ஏறியதும் உறுப்பினரின் போனுக்கே அவர் மொழியில் குறுஞ்செய்தி போகும்படி செய்தார்கள். அந்த யோசனை எனக்குப் பிடித்தது. உங்கள் ஆப்பில் அந்த வசதி இல்லாவிட்டால் ஊக்குநரே ஆப் திரையைப் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிடலாம்.

கூட்டத்துக்கு எந்த ஆப் என்பதில் நான் அதிகம் யோசிக்க மாட்டேன். வாட்ஸ்அப் அழைப்பில் 32 பேர் வரை சேரலாம், சுய உதவிக் குழுவில் இருப்பதோ பொதுவாக 12 முதல் 20 பேர். தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை. கூகுள் மீட் இலவசமாக 60 நிமிடமும், ஜூம் 40 நிமிடமும் ஓடும். சந்தா வாசிக்கும் நடுவே அழைப்பு அறுந்தால் மறுபடி எல்லாரையும் சேர்ப்பது சிரமம். ஸ்மார்ட்போன் இல்லாதவரை ஒரு பிரதிநிதியின் வீட்டுக்கு வரச் சொல்லி இருவரும் ஒரே போனில் உட்காரலாம். கணவரிடமோ மகனிடமோ போன் இருக்கிறது என்பவருக்கு நேரத்தை முன்கூட்டியே சொன்னால்தான் கைக்குக் கிடைக்கும். "லிங்க் பிறகு அனுப்பப்படும்" என்ற வரியால் அன்று ஆறு பேர் வரவில்லை என்று நினைக்கிறேன்.

ஆன்லைன் கூட்டத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. வங்கிக் கடனுக்கான தீர்மானத்தில் உறுப்பினர்களின் கையெழுத்து நேரில் வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்ட கட்டைவிரல் படத்தை வங்கி ஏற்காது. தீர்மான நோட்டை அழைப்பு நடக்கும்போதே எழுதி, அடுத்த சில நாட்களுக்குள் வீடு வீடாகவோ அடுத்த நேர்க்கூட்டத்திலோ கையெழுத்து வாங்கிவிட வேண்டும். மாதக் கூட்டங்கள் எல்லாமே போனிலேயே நடப்பதை நான் ஏற்கமாட்டேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது பாய் விரித்து உட்கார்ந்து, அவரவர் பாஸ்புக்கை ஆப்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மோசடி பற்றி ஒரு வார்த்தை. பணம் வாங்குவதற்கு ஒருபோதும் பின் நம்பர் போட வேண்டியதில்லை, அனுப்புவதற்கு மட்டுமே. ஆப்பை அப்டேட் செய்யுங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஏதாவது ஃபைல் வந்தால், அது ஊக்குநரின் எண்ணிலிருந்தே வந்தாலும் தொடக் கூடாது. ப்ளே ஸ்டோரிலிருந்து மட்டும்தான் இறக்க வேண்டும். ஓடிபி கேட்டு ஊக்குநரோ வங்கியோ போன் செய்ய மாட்டார்கள்.

இவ்வளவையும் மனதில் வைத்து அந்தக் குழுவின் ஊக்குநரும் நானும் உட்கார்ந்து அறிவிப்பைத் திருத்தி எழுதினோம். அடுத்த மாதம் குழுவில் போனது இது:

"அக்கா தங்கச்சிகள் அனைவருக்கும் வணக்கம். நம் மாதக் கூட்டம் வரும் 10-ஆம் தேதி ஞாயிறு இரவு 7.30 மணிக்கு, இதே வாட்ஸ்அப் குழுவில் வீடியோ அழைப்பாக நடக்கும். 7.25-க்கு நான் அழைப்பேன், பச்சைப் பொத்தானைத் தொட்டால் போதும். போன் இல்லாதவர்கள் பிரதிநிதி வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

சந்தா 200 ரூபாயை 9-ஆம் தேதிக்குள் குழுவின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். கணக்கு எண் உங்கள் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் இருக்கிறது. என் சொந்த நம்பருக்கு அனுப்ப வேண்டாம். அனுப்பியதும் திரையைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். ரொக்கம் தருபவர்கள் என்னிடமோ பிரதிநிதியிடமோ கொடுத்துப் பாஸ்புக்கில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கடன் தவணை கட்டுபவர்கள் சந்தா, அசல், வட்டி எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள்.

ஆப்பில் நான்தான் ஏற்றுவேன், நீங்கள் எதையும் இறக்க வேண்டாம். கூட்டத்தில் ஒவ்வொருவர் பெயரும் தொகையும் வாசிப்பேன். சரி என்று நீங்கள் சொன்ன பிறகுதான் ஏற்றுவேன். முடிந்ததும் ஆப் திரை, வங்கி இருப்பு, பெட்டிப் பணம் மூன்றையும் காட்டுவேன். இந்த மாதம் கட்ட முடியாதவர்களும் கட்டாயம் வாருங்கள், பாக்கி என்று எழுதிக்கொள்ளலாம்."

இதையே அவர் தன் குரலிலும் பேசி அனுப்பினார், எழுத்து வாசிக்கச் சிரமப்படும் மூன்று பேருக்காக. அந்த இரவு 13 பேர் வந்தார்கள். பெரியம்மா தன் மகன் போனில் முகத்தை மிக நெருக்கமாக வைத்துக்கொண்டு, பெயர் வாசித்ததும், "இருநூறு, ரொக்கம், புதன்கிழமை குடுத்தேன்" என்றார்.

உங்கள் குழுவிலும் அடுத்த கூட்டம் போனில்தான் என்றால், பாஸ்புக்கைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். உங்கள் பெயர் வரும்போது மைக்கைத் திறந்து தொகையை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஊக்குநர் உங்கள் பெயரை வாசிக்காமலே கூட்டத்தை முடிக்கப் பார்த்தால், "அக்கா, என் வரியை ஒருதடவை படிச்சிடுங்க" என்று கேளுங்கள்.